என் பட்டியலில் இருந்த அரை மணி நேரம்

என் பெயர் சந்திரமதி. வயது நாற்பத்தொன்பது. மலேசியாவில், சிங்கப்பூர் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் தம்போயில், டயர் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் எங்கள் அலுவலகத்தில் நான்தான் கிராணி, அதாவது குமாஸ்தா. பிளாஸ்டிக் அச்சுகளுக்கு வரைபடம் போட்டுக் கொடுக்கும் சின்னக் கம்பெனி. எங்களைச் சென்னைக்காரர்கள் வாங்கிய நாளிலிருந்து எனக்கு ஒரு கூடுதல் வேலை வந்து சேர்ந்தது. அவர்கள் இந்திய நேரத்தில் அனுப்பும் கூட்டப் பட்டியலை மலேசிய நேரத்துக்கு மாற்றி எல்லாருக்கும் அனுப்ப வேண்டும்.

இதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நாம் இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம், கூட்டினால் முடிந்தது. நானும் அப்படித்தான் நினைத்து, முதல் வாரம் கணினியில் 2.30 மணி என்று போட்டுக் கூட்டச் சொன்னேன். அந்தக் கழுதைக்கு .30 என்றால் முப்பது நிமிடம் இல்லையாம், ஒரு மணியில் பத்தில் மூன்று பங்காம். அதாவது பதினெட்டு நிமிடம். சென்னையின் ஒன்பது மணி எங்களுக்கு 11:18 ஆகி வந்தது. நான் அதையும் அப்படியே அனுப்பினேன். "என்னா கா, பதினொண்ணு பதினெட்டுக்கு மீட்டிங்கா? ஐயர்கிட்ட கேட்டு நேரம் குறிச்சீங்களா?" என்று வரைபடம் போடும் மணியம் ஒரு வாரம் சிரித்தான். அதற்குப் பிறகு 2.5 என்று போடக் கற்றுக்கொண்டேன். இப்போதெல்லாம் கணினியே வேண்டாம், மனக்கணக்குதான். முதலில் இரண்டு மணி நேரம், பிறகு முப்பது நிமிடம். ஒன்பது வருடத்தில் ஒரு தப்பு கிடையாது. இதை நானே என் வாயால் பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

தப்பு இல்லை, சரி. பொய் ஒன்று இருந்தது.

எங்கள் ஆட்கள் எந்தக் கூட்டத்துக்கும் நேரத்துக்கு வரமாட்டார்கள். சென்னையில் திரையைத் திறந்து வைத்துக்கொண்டு அவர்கள் காத்திருக்க, இங்கே ஒருத்தர் தே தாரேக் டீ வாங்கப் போயிருப்பார். சொல்லிச் சொல்லி என் தொண்டை வற்றியது. அதனால் சரியாக மாற்றிய நேரத்திலிருந்து அரை மணியைக் கழித்துவிட்டு அனுப்ப ஆரம்பித்தேன். கல்யாணத்துக்குக் கிளம்ப வேண்டிய நேரத்தை வீட்டு ஆண்களுக்கு நாம் முன்கூட்டிச் சொல்வதில்லையா, அதே வித்தைதான். பதினொன்றரைக் கூட்டம் என் பட்டியலில் பதினொன்று. எல்லாரும் டாண் என்று பதினொன்றரைக்கு வந்து உட்கார்ந்தார்கள். ஆகா, சந்திரமதி, நீ கெட்டிக்காரி லா என்று என் முதுகை நானே தட்டிக்கொண்டேன். யாருக்கும் தெரியாமல் ஒரு அலுவலகத்தையே கட்டி மேய்க்கிறேன் என்று எனக்கு ஒரே பெருமை.

போன மாதம் சென்னையிலிருந்து வேறு விதமான பட்டியல் வந்தது. பழையவர், புதியவர் என்று ஒப்பந்தத்தில் இருக்கும் ஐந்து பேரையும் தலைமை அதிகாரி தனலெட்சுமி மேடம் திரையில் நேர்காணல் செய்வார். தேறுகிறவர்களுக்கு நிரந்தர வேலை, மற்றவர்களுக்கு மாதக் கடைசியோடு சரி.

ஐந்து பேரில் ஷர்மினியை நினைத்துத்தான் எனக்குக் கவலை. புருஷன் இல்லாமல் ஆறு வயதுப் பெண்ணை வளர்க்கிறவள். இந்த வேலை போனால் சிங்கப்பூர் ஃபேக்டரிதான். விடியும் முன்னே பாலம் தாண்டப் போகிறவளுக்குப் பிள்ளை எழுந்திருப்பதையும் பார்க்க முடியாது, தூங்குவதையும் பார்க்க முடியாது. "எப்படியாச்சும் இங்கயே இருந்துரணும் கா," என்று அவள் என்னிடம் நூறு தடவை சொல்லியிருக்கிறாள்.

அதனால் பயபக்தியோடு உட்கார்ந்து மாற்றினேன். சென்னை ஒன்பது மணி, நமக்குப் பதினொன்றரை, குணாளன். ஒன்பதே முக்கால், பன்னிரண்டே கால், ஷர்மினி. பத்தரை, ஒரு மணி, மணியம். பதினொன்றே கால் ஒன்றே முக்கால் ஆனது, பன்னிரண்டு இரண்டரை ஆனது. மூன்று தடவை சரிபார்த்தேன். பிழைப்பு சம்பந்தப்பட்ட விஷயத்தில் விளையாடக் கூடாது என்று இந்த ஒரு முறை அரை மணியைக் கழிக்கவில்லை. சத்தியமான நேரம். சென்னை நேரத்தையும் பக்கத்தில் போட்டால் இவர்கள் குழம்புவார்கள் என்று மலேசிய நேரத்தை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

அந்த நாள் வந்தது. பதினொன்றரைக்குக் குணாளன் மீட்டிங் அறையில் கணினி முன்னால் ரெடி. வேலைக்கு வந்து மூன்று மாதமே ஆன பையன், நல்ல ஒழுங்கு. பன்னிரண்டே காலுக்கு அவன் வெளியே வந்தான். உள்ளே போக வேண்டிய ஷர்மினியைக் காணோம். போன் அடித்தேன், எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். சமையல் மூலையில் மீ கோரேங் நூடுல்ஸ் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்த மணியத்திடம் ஓடினேன்.

"ஷர்மினி எங்க?"

"மகள தாடிக்கா ஸ்கூல்லேர்ந்து எடுத்து பாப்பா பாக்குற அம்மாகிட்ட விடப் போயிருக்கு கா. பன்னெண்டே முக்காலுக்குள்ள வந்துரும்."

"பன்னெண்டே காலுக்கு லா அதுக்கு இன்டர்வியூ!"

"ஆமா, பன்னெண்டே காலுனு போட்டிருக்கீங்க. அப்ப பன்னெண்டே முக்கால்தானே?"

எனக்குப் புரியவில்லை. அவன் முள்கரண்டியைக் கீழே வைத்து, பாவப்பட்டு என்னைப் பார்த்தான்.

"கா, நீங்க அரை மணி முன்னால போடுவீங்கனு எல்லாத்துக்கும் தெரியும். நாங்க அரை மணி கூட்டிக்குவோம். எட்டு வருஷமா அப்படித்தான்."

தலையில் இடி விழுந்த மாதிரி நின்றேன். யாரை நான் மேய்த்தேன்? இத்தனை வருடமாக இவர்கள்தான் என்னை மேய்த்திருக்கிறார்கள்!

"உனக்கு எத்தன மணி?" என்றேன்.

"ஒண்ணரைக்கு."

"ஒரு மணி! நெஜ ஒரு மணி! என் புள்ளைங்க மேல சத்தியமா!"

"நெஜ ஒண்ணா? அலமாக்!" என்று பொட்டலத்தை அப்படியே மூடினான். "மத்த ரெண்டு பேருக்கும் நான் சொல்லிர்றேன், நீங்க மேடத்த பாருங்க," என்றான்.

மீட்டிங் அறையில் திரை திறந்தே இருந்தது. தனலெட்சுமி மேடம் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடி போட்ட, சிரிக்காத முகம். மணி பன்னிரண்டு இருபத்தைந்து. அந்த நாற்காலியில் நான் போய் உட்கார்ந்தேன்.

"ஷர்மினியா நீங்க?"

"இல்ல மேடம், நான் கிராணி. இந்த ரெண்டரை மணி நேரம் இருக்கு பாருங்க, அந்த அரை மணிலதான் மாத்தும்போது ஒரு சின்ன குழப்பம்..."

கூசாமல் வந்தது. பாவம் கடிகாரம், அதற்கு வாயா இருக்கிறது? அதன் மேல் பழியைப் போட்டேன்.

"முதல் ஆள் கரெக்டா ஒன்பது மணிக்கு வந்தாரே," என்றார் மேடம். "ஒரே லிஸ்ட்தானே எல்லாருக்கும்? குழப்பம்னா அவருக்கும் இருந்திருக்கணும்ல?"

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். எனக்கு எட்டு நொடிகூட நிற்கவில்லை. எல்லாவற்றையும் கொட்டினேன். அரை மணிப் பொய்யை, அவர்கள் அதைக் கண்டுபிடித்ததை, இந்த முறை மட்டும் உண்மை எழுதியதை, புதிய பையன் என்பதால் குணாளன் என் பட்டியலை அப்படியே நம்பியதை. கண்ணில் நீர் வந்துவிட்டது.

"தப்பு என்னோடது மேடம். அந்தப் பொண்ணு மேல ஒண்ணுமில்ல. என்ன வேணும்னா தூக்குங்க, அவளுக்கு மட்டும் ஒரு நேரம் குடுங்க."

மேடம் தன் பட்டியலைப் பார்த்தார். "என் லஞ்ச் டைம்தான் இருக்கு," என்றார். "கடைசி ஆள் முடிஞ்சதும், எங்க நேரம் பன்னெண்டே முக்கால். உங்களுக்கு எத்தனை மணி?"

இரண்டு கூட்டினால் இரண்டே முக்கால். முப்பது கூட்டினால் மூன்றே கால்.

"மூணேகால் மேடம்."

"உண்மையான மூணேகாலா?" என்றார். சிரித்தாரா, இல்லையா, இன்றுவரை தெரியாது.

பன்னிரண்டு நாற்பதுக்கு ஷர்மினி ஹெல்மெட்டும் கையுமாக, வியர்த்து விறுவிறுத்து மாடி ஏறினாள். சொன்னேன். அவள் முகம் வெளுத்ததைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டே மூன்றே கால் என்றேன். "சரி கா," என்றாள், அவ்வளவுதான். ஆனால் இரண்டேகாலுக்கே வந்து மீட்டிங் அறை வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். கடைசி ஆள்கூட இன்னும் உள்ளே போகவில்லை.

"இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு மா," என்றேன்.

"இருக்கட்டும் கா."

பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். கோபமா என்று கேட்டேன். பதிலுக்கு அவள் வேறு ஒன்று சொன்னாள்.

"வந்த புதுசுல எனக்கும் தெரியாது கா. நீங்க போட்ட நேரத்துக்கே வந்துருவேன். ரூம்ல யாரும் இருக்க மாட்டாங்க, லைட்டுகூட போட்டிருக்காது. சென்னை மீட்டிங் அன்னைக்கி தாடிக்கா லீவா இருந்தா, நானும் காலைல லீவு கேட்டுட்டு மீட்டிங் நேரத்துக்குத்தான் வருவேன். அந்த அரை மணிக்காக பாப்பாவ அந்தம்மாகிட்ட முன்னாலயே கொண்டு போயி விடுவேன். அது என் கைய விடாம அழுவும். மணியண்ணன் சொல்ற வரைக்கும், ஒரு வருஷம்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். தாமதமாக வருகிறவர்களுக்காகச் சொன்ன பொய்யை, நேரத்துக்கு வந்தவள்தான் சுமந்திருக்கிறாள். எனக்கு அழுகை வந்தது, வெட்கமாகவும் இருந்தது. மன்னிச்சிரு மா என்று சொல்லத் தைரியம் வரவில்லை. மூன்றே காலுக்கு அவள் எழுந்து உள்ளே போனாள்.

அடுத்த வாரம் முடிவு வந்தது. ஷர்மினி தேறினாள். குணாளன், மணியம் தேறினார்கள். மற்ற இருவருக்கும் இல்லை. பட்டியலில் இனி இரண்டு நாட்டு நேரமும் இருக்க வேண்டும் என்று எனக்குத் தனியாக ஒரு கடிதம். போட்டேன். திங்கட்கிழமைக் கூட்டம், சென்னை ஒன்பது, மலேசியா பதினொன்றரை.

அன்றைக்குப் பதினொரு மணிக்கே நான் மீட்டிங் அறைக்குப் போனேன். யாரும் இல்லை. விளக்கு போடாமல், ஏர்கோன் போடாமல் உட்கார்ந்தேன். கீழே டயர் கடையில் இரும்பு தட்டும் சத்தம். போனைத் தொடவில்லை. சுவர்க் கடிகாரத்தின் முள் நகர்வேனா என்றது. பதினொன்று பத்துக்கே எனக்கு எழுந்து ஓட வேண்டும் போலிருந்தது. ஒரு வருடம், வாரா வாரம், அவள் இப்படி உட்கார்ந்திருக்கிறாள்.

சரியாகப் பதினொன்றரைக்குக் கதவைத் திறந்துகொண்டு ஷர்மினி வந்தாள். விளக்கைப் போட்டவள் என்னைக் கண்டு திடுக்கிட்டாள்.

"கா! எவ்வளவு நேரமா இப்படி இருட்டுல உக்காந்திருக்கீங்க?"

"இப்பதான் வந்தேன் மா," என்றேன்.