கட்டை விரலுக்கு அடியில் இருந்த எண்

எனக்குப் பொறுமை கிடையாது. வீட்டில் சொல்வார்கள், வேலை செய்த இடத்திலும் சொன்னார்கள், நான் ஒத்துக்கொண்டதில்லை. ஒரு சனிக்கிழமை காலையில்தான் ஒத்துக்கொண்டேன், அதுவும் பத்துப் பேர் முன்னால்.

அப்போது மலேசியாவின் ஜொகூர் பாருவில், கடை வரிசை ஒன்றின் மாடியில் இருந்த டயாலிசிஸ் நிலையத்தில் முன்மேசையில் இருந்தேன். கணக்குப்பிள்ளை, தொலைபேசிக்காரி, தேவைப்பட்டால் நாற்காலி தள்ளுபவள், எல்லாம் நான்தான். என் மேசையின் கீழ் இழுப்பறை முழுக்க விசிட்டிங் கார்டுகள். மருந்துக்காரர், ஆக்சிஜன் சிலிண்டர்க்காரர், ஏர்கான் சரிசெய்பவர், நோயாளிகளின் பிள்ளைகள் கொடுத்துவிட்டுப்போனவை என்று பல வருடக் குப்பை. ஒருநாள் மேனேஜர் வந்து, "எல்லாத்தையும் ஃபோன்ல படம் எடுத்து ஷீட்ல ஏத்திடு. அப்புறம் கார்டெல்லாம் பழைய பேப்பர்காரன்கிட்ட போட்டுடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதற்கென்று ஒரு ஆப் இருந்தது. கார்டைப் படம் பிடித்தால் போதும், அதுவே படித்து, பெயர், பதவி, நிறுவனம், கைப்பேசி, அலுவலக எண், ஃபேக்ஸ், மின்னஞ்சல் என்று கட்டங்களில் பிரித்துப் போடும். தனக்கே சந்தேகமாக இருந்தால் அந்தக் கட்டத்தை மஞ்சளாக்கும். நாம் படத்தையும் கட்டத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, கடைசியில் "சரிபார்த்தது" என்ற இடத்தில் டிக் போட வேண்டும்.

முதல் முப்பது கார்டுவரை ஒழுங்காக ஒப்பிட்டேன். வியக்கத்தான் செய்தேன். என்ன எழுத்தாக இருந்தாலும், சீன எழுத்தோடு கலந்திருந்தாலும், மின்னஞ்சல் மின்னஞ்சல் கட்டத்திலேயே போய் உட்கார்ந்தது. ஒரே ஒரு கடைக்காரரின் "விற்பனை, சர்வீஸ்" என்ற வரியை அவருடைய பதவியாகப் போட்டிருந்தது. அதற்குச் சிரித்தேன். அதற்குப் பிறகு சலித்துப்போனது. இருநூறுக்கு மேல் கார்டுகள். ஒரு கையால் கார்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஃபோனைத் தட்டித் தட்டி ஓட்டினேன். முடிந்ததும் ஷீட்டைத் திறந்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாக மஞ்சள். மேனேஜர் பார்த்தால் வேலை முடியவில்லை என்பார் என்று மஞ்சளையெல்லாம் மொத்தமாகத் தேர்வு செய்து வெள்ளையாக்கினேன். "சரிபார்த்தது" கட்டத்தில் ஒரு டிக்கைப் போட்டு மேலிருந்து கீழே இழுத்துவிட்டேன். எல்லா வரிசையிலும் டிக். கார்டுகள் பழைய பேப்பரோடு போயின. மனசாட்சி உறுத்தியதா என்றால், இல்லை. சாப்பிடப் போனேன்.

அந்தச் சனிக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு நான் படியேறும்போதே சிஸ்டர் மேலிருந்து கத்தினார். சிஸ்டர் என்றால் எங்கள் தலைமை நர்ஸ், சத்தம் போட்டுப் பேசி நான் அதுவரை கேட்டதில்லை.

"தண்ணி மெஷின் ஓடல! பம்ப்பு நின்னு போச்சு! டெக்னீஷியனக் கூப்பிடு, சீக்கிரம்!"

டயாலிசிஸ் இயந்திரம் ஒவ்வொன்றுக்கும் சுத்திகரித்த தண்ணீர் வேண்டும். அதைத் தருவது பின்னறையில் இருந்த ஒரே ஒரு இயந்திரம். அது நின்றால் நிலையமே நின்றது மாதிரி. முதல் ஷிப்ட் நோயாளிகள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களில் ஒருவரைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். ரெங்கம் ஊரில் ஒரு சாவுக்குப் போனதால் வியாழக்கிழமை வராமல் விட்ட அங்கிள். கால் இரண்டும் வீங்கி, செருப்பில் நுழையாமல், வெறுங்காலோடு வந்திருந்தார். மூச்சு வாங்கியது. பக்கத்தில் அவருடைய மனைவி, அவர் முதுகைத் தடவியபடி.

சிஸ்டர் அவருக்கு ஆக்சிஜன் வைத்தார். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டுக் கேட்டார். அங்கே இயந்திரம் எதுவும் காலியில்லை, மூச்சு மோசமானால் எமர்ஜென்சிக்குக் கொண்டுவாருங்கள் என்றார்களாம். என் காதருகே வந்து, "பத்தரைக்குள்ள இங்க தண்ணி வரணும். இல்லன்னா ஆம்புலன்ஸ்தான். அங்க போய் எவ்ளோ நேரம் காத்துக் கெடப்பாரோ தெரியல" என்றார்.

ஷீட்டைத் திறந்தேன். டெக்னீஷியனின் வரிசை கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தது. பெயர், பதவி, கைப்பேசி, மின்னஞ்சல், டிக். கூப்பிட்டேன். ஒரு மலாய்ப் பெண் எடுத்தார். தப்பான எண் என்றார். இன்னொரு தடவை கூப்பிட்டேன், அவரேதான். மூன்றாம் தடவை, இந்த எண்ணை அவர் வாங்கி ஒரு வருடம் ஆகிறதென்றும், இன்னும் அந்த ஆளைத் தேடி ஆட்கள் கூப்பிடுகிறார்கள் என்றும் சொல்லிவிட்டு வைத்தார். அலுவலக எண் அடித்துக்கொண்டே இருந்தது. சனிக்கிழமை யார் இருப்பார்கள்? மின்னஞ்சல் ஒரு புள்ளி பிசகாமல் சரியாக இருந்தது. அதை வைத்து என்ன செய்வது?

"அந்த ஆப்பு தப்பா எழுதியிருக்கு, சிஸ்டர்" என்றேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. மாட்டிக்கொண்ட உடனே என் வாயில் வந்த முதல் வார்த்தை அது.

சிஸ்டர் என்னைப் பார்த்தார். "படம் இருக்குல்ல? படத்தப் பாரு."

படம் இருந்தது. ஆப் படங்களை அழிப்பதில்லை. தேடித் திறந்தேன். கார்டில் அச்சடித்த கைப்பேசி எண்ணைப் பேனாவால் ஒரு கோடு போட்டு அடித்திருந்தார்கள். அதற்கு மேலே நீல மையில் புதிய எண். எங்கள் ஊரில் சின்னக் கம்பெனிக்காரர்கள் எல்லாரும் செய்வதுதான் இது. எண் மாறினால் புதுக் கார்டு அடிக்க மாட்டார்கள், மிச்சமிருக்கும் கார்டுக் கட்டை எடுத்து ஒவ்வொன்றிலும் கோடு போட்டு மேலே எழுதிக் கொடுப்பார்கள். நான் எத்தனையோ தடவை அப்படி வாங்கியிருக்கிறேன். ஆப் அச்சடித்ததைப் படித்தது, தனக்கே சந்தேகம் என்று மஞ்சளும் காட்டியது; படத்தின் ஓரத்தில் அந்த மஞ்சள் குறி இன்னும் இருந்தது. ஷீட்டில் அதை வெள்ளையாக்கியவள் நான்.

அதோடு போகவில்லை. கையால் எழுதிய எண்ணின் கடைசி இலக்கம் தெரியவில்லை. அதன் மேல் என் கட்டை விரல், மருதாணி பூசிய நகத்தோடு, பெரிதாக.

"அலமாக்" என்று தலையில் கை வைத்தார் சிஸ்டர். படத்தை இன்னொரு தடவை பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு, "கடைசி நம்பர் ஒண்ணுதானே? பூஜ்யத்துலேருந்து ஒம்போது வரைக்கும் பத்து. ஒவ்வொண்ணாக் கூப்பிட்டா நேரமாகும். எல்லாரையும் கூப்பிடச் சொல்லு."

அப்படித்தான் என் வாழ்நாளிலேயே பெரிய மன்னிப்பைக் கேட்டேன். காத்திருந்தவர்களின் நடுவில் நின்று, நடந்ததைத் தமிழிலும் மலாயிலும் சொன்னேன். ஆப்பின் தப்பில்லை, என் தப்பு என்றும் சொன்னேன். யாரும் திட்டவில்லை. ஃபோனை எடுத்தார்கள். எண்ணைப் பலகையில் பெரிதாக எழுதி, கடைசி இடத்தைக் காலியாக விட்டு, ஆளுக்கொரு இலக்கம் கொடுத்தேன். சீன அங்கிள் ஒருவர் கையை ஆட்டினார்.

"நாலு எனக்கு வேணாம் லா. சாவு நம்பர். எட்டு குடு."

நாலை நான் எடுத்துக்கொண்டேன். எனக்கு அதுதான் தகும் என்று தோன்றியது.

ஒரே சமயத்தில் பத்து ஃபோன்கள். ஒருவருக்கு இணைப்பே இல்லை. இருவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். என்னுடையதை எடுத்தவர் தூக்கத்திலிருந்து எழுந்த கோபத்தில் ஏதோ சொன்னார், நியாயமான கோபம். அங்கிளின் மூச்சுச் சத்தம் இத்தனைக்கும் நடுவில் எனக்குத் தனியாகக் கேட்டது.

"டியா! டியா!" என்று ஒரு மலாய் மக்சிக், வயதான அம்மா, எழுந்து நின்று கத்தினார். இவர்தான், இவர்தான் என்று. ஓடிப்போய் வாங்கினேன். டெக்னீஷியன் பக்கத்து ஊரான கூலாயில் வேறொரு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"ஏன்க்கா, கார்டுல நம்பர் எழுதித்தானே குடுத்தேன்?" என்றார்.

"எழுதிக் குடுத்தீங்க. நான்தான் பாக்கல. வாங்க, ப்ளீஸ், ஒருத்தருக்கு முடியல."

எட்டேகாலுக்கு வந்தார். பம்ப்பை மாற்றினார். தண்ணீரை ஓடவிட்டு, குளோரின் இருக்கிறதா என்று சிஸ்டர் சோதித்துப் பார்த்து, சரி என்று தலையசைத்தபோது மணி பத்தாக இரண்டு நிமிடம். அங்கிளைத்தான் முதலில் இயந்திரத்தோடு சேர்த்தார்கள். பதினொன்றரைக்குள் அவர் மூச்சிரைப்பு தணிந்து, ஆக்சிஜன் குழாயோடு தூங்கிப்போனார். நான் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பயத்தில் அழுதேனா, தப்பித்தோம் என்று அழுதேனா, தெரியவில்லை.

வெளியே வந்தபோது அங்கிளின் மனைவி என் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"ஏம்மா, எங்க மகன் நம்பரும் இதுலதான் போட்டு வச்சிருக்கியா?"

அவர்களுடைய ஒரே மகன் சிங்கப்பூரில் வேலை. தினமும் எல்லைப் பாலம் தாண்டிப் போய்வருகிறவன் இல்லை, அங்கேயே அறை எடுத்துத் தங்கியிருந்தான். அப்பாவைச் சேர்த்த அன்று, அவசரத்துக்கு என்று தன் கம்பெனிக் கார்டைக் கொடுத்துவிட்டுப் போனவன். அந்தக் கார்டும் அதே இழுப்பறையில்தான் கிடந்தது.

ஷீட்டில் அவன் வரிசையைத் தேடினேன். எல்லாக் கட்டமும் நிரம்பி இருந்தது. கைப்பேசி எண்ணுக்கு முன்னால் அறுபது, மலேசியாவின் நாட்டு எண். படத்தைத் திறந்து பார்த்தேன். சிங்கப்பூர் கார்டு, வெறும் எட்டு இலக்கம், முன்னால் எந்த நாட்டு எண்ணும் அச்சடிக்கவில்லை. ஆப்பில் நம் நாடு மலேசியா என்று வைத்திருந்ததால், அது தானாக அறுபதைச் சேர்த்திருந்தது. அதற்கு அதில் சந்தேகமே வரவில்லை. இந்தப் படத்தின் ஓரத்தில் மஞ்சள் குறியே இல்லை.

"அறுபதுன்னு இருக்கு ஆன்ட்டி" என்றேன்.

"சிங்கப்பூருக்கு அறுபத்தஞ்சும்மா. அறுபதுக்கு அடிச்சா அவன் எப்படி எடுப்பான்?"

கண்ணை மூடிக்கொண்டு, விரல்விட்டு எண்ணி, எட்டு இலக்கத்தையும் சொன்னார். ஒவ்வொன்றாக அடித்தேன். அவர் சொன்னதும் படத்தில் இருந்ததும் ஒன்றுதானா என்று இலக்கம் இலக்கமாகப் பார்த்தேன். அவர் நகரவில்லை.

"கூப்பிட்டுப் பாரு. எம்முன்னாடியே."

நிலையத்தின் தொலைபேசியிலிருந்து கூப்பிட்டேன். இரண்டாவது மணிக்கே எடுத்தான். எங்கள் எண்ணை அவன் சேமித்து வைத்திருந்தான் போல. ஹலோ சொல்லவில்லை, நான் யார் என்று கேட்கவில்லை.

"அப்பாவுக்கு என்ன ஆச்சு?" என்றான்.