சாயங்காலப் பால்

காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போகக்கூடாதென்று தோட்டத்தைச் சுற்றி முள்வேலி போட்டு, மேட்டு லயத்து வரிசைவீடுகளில் இருந்தவர்களையும் எங்கள் லயத்தில் கொண்டுவந்து அடைத்தபோது ஒரு அறைக்கு இரண்டு குடும்பம் என்று ஆனது. கைக்குழந்தையோடு என் மனைவி செரண்டாவில் இருந்த அவள் அக்கா வீட்டுக்குப் போனாள். போவதற்கு முன் நாங்கள் ஒரு திட்டம் போட்டோம். என்னிடம் இரண்டு கறவை மாடுகள். கோலசிலாங்கூரில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த பாய் எவ்வளவு பால் வந்தாலும் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு போத்தல் விற்றால் அவர் கடைக்குப் பின்னால் ஒரு அறை வாடகைக்கு எடுக்கலாம். மூவரும் ஒன்றாக இருக்கலாம்.

காலைப் பால் ஏழு போத்தல், வெளியே கொண்டுபோக வாங்கிய பர்மிட்டோடு, தோட்டத்து லோரியில் என்னோடு போகும். நான் அதில் கிளீனர். சாயங்காலப் பால் ஐந்தை சைக்கிளில் கொண்டுபோக வேண்டும். ஆறு மணிக்குக் கேட்டைப் பூட்டிவிடுவதால் அதற்கு வழியில்லை; காலைவரை வைத்தால் திரிந்துவிடும். மூன்று மாதத்தில் வேலியைப் பிரித்துவிடுவார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆகவே முதல் மூன்று மாதம் ஏழு போத்தல், அதற்குப் பிறகு பன்னிரண்டு என்று வைத்தோம். ஆறு மாதம் கழித்து உட்கார்ந்து பார்ப்பது என்று பேச்சு.

அவள் சொன்னபடி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். தோட்டத்து ஆபீஸ் கிராணியிடம் அவள் உள்ளே வர ஒருநாள் பாஸ் வாங்கி வைத்திருந்தேன். அறையைப் பகிர்ந்துகொண்டவர்கள் நாகரிகமாக வெளியே போய் உட்கார்ந்தார்கள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளோ புளியங்கொட்டையை எடுத்துத் தரையில் இரண்டு வரிசை வைத்தாள். மேலே நாங்கள் நினைத்தது, கீழே விற்றது. மாதத்துக்கு ஒரு குவியல். ஒரு கொட்டை ஒரு போத்தல்.

"என்னண்ணே, பொண்டாட்டி வந்த அன்னிக்குமா பாலுக்கணக்கு?" என்று வாசலிலிருந்து அந்தக் குடும்பத்து அம்மா கேலி செய்தாள். "ஒரு பூவாச்சும் வாங்கியாந்தீங்களா?"

முதல் மூன்று குவியல்கள் மேலும் கீழும் ஒன்றாக இருந்தன. நாலாவதிலிருந்து மேல்வரிசை பன்னிரண்டாக ஏறியது, கீழ்வரிசை ஏறவில்லை.

"புல்லு பத்தல புள்ள" என்றேன். ஆறு மாதமாக எனக்கு அந்தக் கவலைதான். "வேலிக்கு வெளிய மேய்க்க விடமாட்றானுங்க."

"புல்லு பத்தலன்னா காலப் பாலும்ல கொறஞ்சிருக்கணும்? நாலாம் மாசமும் ஏழு வித்திருக்கே. சாயங்காலம் கறந்தது என்னாச்சு?"

"லயத்துல ஊத்திட்டேன். பாதி சும்மா."

"அப்ப மாட்டுமேல குத்தமில்ல. வேலி போயிரும்னு வச்சோம் பாருங்க, அதான் தப்பு."

குழந்தை தவழ்ந்து வந்து ஒரு கொட்டையை வாயில் போட்டுக்கொண்டது. அவள் விரலை விட்டு எடுத்தாள். போகும்போது குப்புற விழக்கூடத் தெரியாத பிள்ளை அது. அது என்னைப் பார்த்து அழுதது.

ஐந்தாம், ஆறாம் மாதக் குவியல்களில் காலைப் பாலும் ஒவ்வொன்று குறைந்திருந்தது. அது வேறு விஷயம் என்று தனியே நகர்த்தினாள். கன்று வளர வளரப் பால் இறங்கும். ஒரு மாடு சினையாகவும் இருந்தது. ஆறு மாதமும் ஒரே அளவு கறக்கும் என்று வைத்திருந்தோம். அதையும் மாற்றினாள். இனி வரும் மாதங்களுக்குப் புதிய வரிசை வைத்தபோது முதலில் ஐந்து, பிறகு நாலு, கன்று போட்ட பிறகுதான் ஏழு. எங்கேயும் பன்னிரண்டு வரவில்லை.

"அப்ப வேலி போகவே போகாதுங்கிறியா?"

"போனா சந்தோசம்தாங்க. கணக்குல வேணாம்."

நான் விடவில்லை. சாயங்காலப் பாலை உறை ஊற்றித் தயிராக்கிக் காலை லோரியிலேயே கொண்டுபோகலாமே என்றேன். அவள் முகம் ஒரு கணம் மலர்ந்தது. பிறகு, "பர்மிட்டுல பாலுன்னுதானே இருக்கு? கேட்டுல தயிர விடுவாங்களா? பாய் எடுப்பாரா?" என்றாள்.

"கிராணிகிட்ட கேக்குறேன். பாய் எடுப்பாரு லா."

"கேளுங்க. ஒரு மாசம் வித்துப் பாருங்க. வித்தப்பறம் கொட்ட வைக்கலாம். இனி ஆறு மாசம் காத்திருக்க வேணாம், மூணு மாசத்துல வரேன்."

தீபாவளிக்காவது வந்துவிடுவாள் என்று ஒரு கொட்டையாவது வைக்கச் சொல்லிக் கெஞ்ச வேண்டும்போல் இருந்தது. அவள் சொன்னது அத்தனையும் சரி. கொட்டைகளைப் பொறுக்கி முடிந்து வைத்தேன்.

கேட் பூட்டுவதற்கு வெகுநேரம் முன்பே கிளம்பினாள். ராவாங்கில் பஸ் மாற வேண்டும். கேட்டுக்கு வெளியே சாலையில் நின்றபோது குழந்தையை என்னிடம் கொடுத்தாள். இந்த முறை அழவில்லை. என் சட்டைப் பித்தானைப் பிடித்து இழுத்தது. பஸ் வந்ததும் அந்த விரல்களை ஒவ்வொன்றாக அவள்தான் விடுவித்தாள்.

"கன்னத்துல ஈரம். தொடைங்க, கேட்டு கார்டு பாக்குறான்" என்று சொல்லிவிட்டு ஏறினாள்.