பதிவில் சேராத நம்பர்கள்

மனநல மருத்துவமனையின் இணையதளத்தில் நோயாளிகளுக்குப் பதில் எழுதும் சாட்பாட் என்ற நிரலைப் பராமரித்தவள் அவள் ஒருத்திதான். அழுகை நிற்கவில்லை என்று எழுதுபவர்கள் அதே வரியில் போன் நம்பரையும் தருவார்கள். நம்பர் முன்பதிவுக்கு மட்டும் போகும். உரையாடலைச் சேமிக்கும் முன்பே அதை நட்சத்திரக் குறிகளாக மாற்றிவிடும்படி அவள் நிரல் எழுதியிருந்தாள்.

விளம்பரப் பிரிவு மேலாளர் வந்து நின்றார். "யாருக்கு என்ன பிரச்சினைன்னு நம்பரோட லிஸ்ட் வேணும்மா. இனிமே மறைக்காதே."

"அப்பாயின்ட்மென்ட்டுக்குக் குடுத்த நம்பர் சார் அது. விளம்பரத்துக்கு இல்ல."

"மேலிடத்துல சொல்லட்டுமா?"

"தாராளமா சொல்லுங்க. அந்த நிரலை நான் எடுக்க மாட்டேன். வேணும்னா வேலையிலிருந்து என்னை எடுங்க."

விஷயம் தலைமை மருத்துவரிடம் போனது. அவர் சேமித்த உரையாடல்களில் ஒரு பக்கம் படித்தார். "இதுல என் நம்பர் இருந்தா நான் இந்தப் பக்கமே வரமாட்டேன்" என்று சொல்லி மேலாளரைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

அன்று மாலை அவள், இலக்கங்களுக்கு நடுவே இடைவெளி விட்டு எழுதிய நம்பர்களும் மறைப்புக்குத் தப்பாதபடி நிரலை இன்னும் இறுக்கினாள்.