கன்னக்குழியை அடைக்க வேண்டாம்

எனக்கு எழுபத்தாறு வயசு ஆகிறது. பெற்றது ஆறு. வளர்த்து ஆளாக்கினது அஞ்சு. அந்த அஞ்சில் ஒருத்தியை நான் பாதி வழியில் தொலைத்துவிட இருந்தேன். அதைத்தான் எழுதுகிறேன். என் எழுத்து கோணலாக இருக்கும். செபம் படிக்கவென்று கோயில் உபதேசியார் சொல்லிக்கொடுத்த எழுத்து. ஆனாலும் அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் கையெழுத்துப் போடத் தெரிந்த பொம்பளை நான் ஒருத்திதான். என் மாமியாருக்கு அது ஆகாது. "மகாராணி காயிதம் எழுதுறாக, எல்லாரும் தள்ளி நில்லுங்க" என்பார்.

உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில் கிறிஸ்தவ வேதக்காரர்கள் ஊர் எங்களுடையது. மேலே மலையில் பெரியாத்து அணை வேலை நடந்துகொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் சுண்ணாம்பும் சாமானும் ஏற்றிக்கொண்டு கூடலூர் வரைக்கும் வண்டி ஓட்டினார். போனால் எப்போது வருவார் என்று சொல்ல முடியாது.

என் தலைப்பிள்ளை பொட்டப்பிள்ளை. ஆறு வயசில் வாந்திபேதியில் போய்விட்டாள். காலையில் கம்மங்கூழ் குடித்தாள், பொழுது சாயும்போது குழியில் வைத்தோம். அவளை வளர்த்ததெல்லாம் என் மாமியார்தான். அவர் சேலைக்குள்தான் தூங்குவாள். அவள் போன பிறகும் மாமியார் படுக்கும்போது பக்கத்தில் ஓராள் இடம் விட்டுத்தான் படுப்பார்.

இரண்டாவதும் பொட்டப்பிள்ளை. அக்கா சாகும்போது இவளுக்கு நடை பழகும் வயசு. வளர வளர அப்படியே மூத்தவளாக வந்தாள். அதே நெற்றி, அதே தலைச்சுழி, நிற்கும்போது ஒரு காலை மறு காலில் தேய்க்கிறதுகூட அதேதான். இரண்டே இரண்டுதான் வித்தியாசம். இவள் சிரித்தால் இரண்டு கன்னத்திலும் குழி விழும். முன்பல் இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து உண்டு, அதில் துரும்பை விட்டு விளையாடுவாள். மூத்தவளுக்கு மொழுமொழுவென்று கன்னம், பல் சேர்ந்த பல்.

மாமியார் இவளை மூத்தவள் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவார். எனக்கு உறுத்தினது அதில்லை. அந்தப் பேருக்கு இவள் "என்ன அப்பத்தா" என்று ஓடுவாள். நான் இவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் இரண்டு தடவை கூப்பிட வேண்டும்.

அப்போது மதுரையிலிருந்து ஒரு போட்டோக்காரர் வந்தார். அணை வேலை துரைகளைப் படம் பிடிக்க வந்தவர், பாளையத்தில் கூடாரம் போட்டிருந்தார். அவருடைய படம் பதிகிற கண்ணாடித் தகட்டுப் பெட்டிகளை மலைக்கு ஏற்றி இறக்கினது என் வீட்டுக்காரர் வண்டி. ஒரு கண்ணாடிகூட உடையவில்லை. அந்தச் சந்தோசத்தில் "உங்க பிள்ளையைக் கூட்டிட்டு வாங்க, ஒரு படம் எடுத்துத் தர்றேன்" என்று சொல்லி அனுப்பினார்.

அவர் படத்தைப் பற்றி எனக்கு ஒரு சேதி தெரியும். எங்கள் ஊர்ப் பண்ணையார் சம்சாரத்துக்கு முகமெல்லாம் அம்மைத் தழும்பு. அவர் எடுத்த படத்தில் அந்த அம்மா முகம் வெண்ணெய் மாதிரி இருந்தது. "பென்சிலால் தீட்டி மறைச்சிட்டாராம்" என்று அந்த வீட்டு வேலைக்காரி சொன்னாள். படம் பிடிக்க வந்தவர்களையெல்லாம் அப்படி மொழுக்கிக் கொடுத்தால்தான் அவருக்குப் பேர் என்றாள்.

அன்றைக்கு நான் மூணாவதைப் பெற்றுவிட்டு உள் வீட்டில் கிடந்தேன். தீட்டு கழியும்வரை வெளியே போகக் கூடாது. மாமியார்தான் பிள்ளையைக் கூட்டிப் போகிறதாக இருந்தது. அதனால் ஒரு சீட்டு எழுதினேன். இன்றைக்கும் எனக்கு மனப்பாடம்.

"ஐயா அவர்களுக்கு. எம்புள்ள சிரிச்சா ரெண்டு கன்னத்திலும் குழி விழும். முன்பல்லில் சந்து இருக்கும். அது ரெண்டும் இருக்கிறபடியே இருக்க வேணும். பென்சிலால் அடைக்க வேண்டாம். இப்படிக்குத் தாய்."

அதைப் பிள்ளை கையில் கொடுத்து, அப்பத்தாவிடம் கொடுக்காமல் நேரே அவரிடம் கொடுக்கச் சொன்னேன். கொடுத்தாளாம். அவரும் வாசித்தாராம்.

படம் வர நாளாயிற்று. நடுவில் மாமியார் ஏதாவது சாக்குச் சொல்லிவிட்டுப் பாளையத்துக்கு மறுபடியும் மறுபடியும் போய் வந்தார். ஒரு நாள் மடியில் வைத்துக் கொண்டுவந்து, மாதா சுரூபம் இருக்கும் மாடத்தில் நிறுத்தினார். அரளிப்பூ மாலை போட்டார். முன்னால் மெழுகுதிரி ஏற்றினார். உயிரோடு இருக்கிற பிள்ளை படத்துக்கு யார் மாலை போடுவார்கள்? பதறிப்போய் எழுந்து போய்ப் பார்த்தேன்.

என் மூத்தவள் நின்றாள்.

மொழுமொழுவென்ற கன்னம். உதடு லேசாகத் திறந்து, சேர்ந்த பல். குழிக்குள் வைத்து மண் தள்ளிய பிள்ளை, அன்றைக்குக் காலையில் பார்த்த மாதிரி என்னைப் பார்த்தாள். எனக்கு மார்பில் பால் கட்டி வலித்தது. சின்னவள் என் சேலையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"இது யாரும்மா? எம் பாவாடையப் போட்டிருக்கா."

"அக்கா" என்றார் மாமியார். "வந்துட்டா பாத்தியா."

அன்றிலிருந்து பிள்ளை சிரிப்பை விட்டுவிட்டாள். வாயை இறுக்கி மூடிக்கொண்டு அந்த மாடத்தடியிலேயே உட்கார்ந்திருப்பாள். ஒரு மத்தியானம் சோறு ஊட்டுகிறேன், பல்லில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. விரலை விட்டுப் பார்த்தால் மெழுகு. மெழுகுதிரியில் கிள்ளி அந்தச் சந்துக்குள் அடைத்திருந்தாள். கன்னம் இரண்டையும் காற்றடைத்து உப்ப வைத்திருந்தாள்.

"ஏன்டி இப்படிப் பண்ற?"

"நான் இப்படியே இருந்தா அக்கா எனக்குள்ள வந்துருவாளாம். அப்பத்தா சொல்லுச்சு."

"அப்புறம் நீ எங்கன போவ?"

"எனக்குத் தெரியலையே" என்றாள். பயமில்லாமல் சொன்னாள். சோற்றுக் கையோடு எழுந்துவிட்டேன்.

தீட்டாவது ஒன்றாவது. கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, சின்னவள் கையைப் பிடித்துக்கொண்டு பாளையத்துக்கு நடந்தேன். போட்டோக்காரர் கூடாரத்தில் ஒரு பக்கம் மட்டும் துணியை விலக்கி வெளிச்சம் விட்டிருந்தார். நான் யாரென்று சொன்னதும் எழுந்து நின்றார்.

"ஐயா, என் சீட்டு வந்துச்சா இல்லையா?"

"வந்துச்சு தாயி. படிச்சேன். ஆனா பெரியவுக கூட வந்து நின்னு, 'மருமக எழுதுனதை விடுங்க, வீட்டுக்குப் பெரியவ நான் சொல்றேன்'னு சொன்னாக. செத்த பேத்தி முகம் ஒரு தடவை பாக்கணும்னு அழுதாக. நான் என்ன செய்ய?"

அவரைச் சொல்லியும் குத்தமில்லை. எங்கள் பக்கத்தில் மாமியார் வாய்ச்சொல் இருக்கும்போது மருமகள் சீட்டை எவர் மதிப்பார்? எழுத்துக்கு மதிப்பு உண்டென்று நினைத்தது நான்தான்.

"எப்படி அச்சு அசலா அவளைக் கொண்டுவந்தீக? நீங்க அவளைக் கண்டதில்லையே."

"நான் கொண்டுவரலை. பக்கத்துல உக்காந்து அவுக சொல்லச் சொல்லத் தீட்டுனேன். ஒரு படம் போட்டுக் காட்டுவேன். 'இன்னும் கொஞ்சம் கன்னம் மேடு' என்பாக. தீட்டி மறுபடி போடுவேன். கடைசிப் படத்தைக் கண்டதும் 'வாடி'ன்னு கூப்பிட்டாக. எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு."

படம் பதிந்த கண்ணாடித் தகட்டைக் காட்டச் சொன்னேன். சாய்வாக ஒரு மேசை. நடுவில் சதுரமாக ஓட்டை, அதற்குக் கீழே முகம் பார்க்கிற கண்ணாடி வெளிச்சத்தை மேலே எறிந்தது. அதில் எங்கள் தகட்டை வைத்தார். குனிந்து பார்த்தவள் பின்னால் நகர்ந்துவிட்டேன். எல்லாம் மாறிக் கிடந்தது. நரைத்த தலை, இருண்ட முகம், கறுத்த பல். ஆறு வயசுக் கிழவி.

"கண்ணாடியில எது தெளிவா இருக்கோ அது வழியா வெயில் போயி காயிதத்தைக் கறுப்பாக்கும்" என்றார். "குழியில விழுற நிழல், பல்லுச் சந்து, இதெல்லாம் கண்ணாடியில தெளிவா இருக்கும். டர்பன்டைன் எண்ணெயில குங்கிலியம் கரைச்சு மேல தேய்ச்சாத்தான் பென்சில் ஒட்டும். உப்புத்தாள்ல தேய்ச்சு ஊசி மாதிரி ஆக்குன பென்சிலால அந்தத் தெளிவை அடைச்சேன். வெயில் போகலை. காயிதத்துல வெள்ளையா விழுந்துச்சு. அம்புட்டுத்தான்."

தகட்டைச் சாய்த்துக் காட்டினார். கன்னம் இருக்கும் இடத்தில் எறும்புக்கால் மாதிரி பொடிப்பொடியாகக் கோடுகள். என் மூத்தவள் அம்புட்டுத்தான். கொஞ்சம் பென்சில் பொடி.

"இவ எங்க?"

"கீழதான் இருக்கா. அழியலை. மேல பூசுனது மட்டும்தான் அது. பஞ்சுல டர்பன்டைன் தொட்டுத் துடைச்சா குங்கிலியத்தோட பென்சிலும் வந்துரும்." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "ஆனா துடைச்சா அந்தப் புள்ள போயிரும் தாயி. அவுக இல்லாம திரும்ப என்னால வரைய முடியாது."

அப்போதுதான் எனக்குக் கை வரவில்லை. அவளுக்கு வேறு படம் கிடையாது. அவள் உடுத்தியதைக்கூட நோய்க்குப் பயந்து எரித்துவிட்டோம். திரும்பிப் பார்த்தேன். சின்னவள் கூடார வாசலில் நின்று, வாயை மூடிக் கன்னத்தை உப்பி, அசையாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் அது எந்தப் பிள்ளை என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.

பஞ்சை வாங்கி நானே துடைத்தேன். கண்ணை எரிக்கிற வாடை. முதலில் கன்னம். கோடுகள் குழைந்து பஞ்சில் சாம்பலாக ஏறின. அவள் போனாள். பிறகு பல். துடைத்துவிட்டுப் பார்த்தால் கறுத்த பல் நடுவே ஊசி நுனி அளவுக்கு வெளிச்சம் வந்தது. அந்தச் சந்து வழியாக வந்தது.

தகட்டுக்கு அடியில் தாளை வைத்து, மரச்சட்டத்தில் இறுக்கி வெயிலில் சாய்த்தார். நடுநடுவே பின்பலகையில் பாதியைத் திறந்து பார்த்தார். எனக்கும் காட்டினார். சிவப்பும் பழுப்புமாக முகம் ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு கன்னத்திலும் குழி இருண்டு இறங்கினது. அப்புறம் நிறம் நிலைக்கத் தங்க உப்புத் தண்ணியிலும் இன்னொரு மருந்திலும் போட்டு, வாளி வாளியாக நல்ல தண்ணியில் அலசிக் காயவைத்துக் கொடுத்தார்.

பிள்ளை கையில் கொடுத்து "இது யாரு?" என்று கேட்டேன். ரொம்ப நேரம் பார்த்தாள். நாக்கால் பல்லைத் தடவினாள். நகத்தை விட்டு மெழுகை நோண்டித் துப்பினாள்.

"நான்தான்."

வீட்டில் மாமியார் என் கையை மோந்து பார்த்தார். டர்பன்டைன் வாடை போகவில்லை. "அவளை ரெண்டாந்தடவையும் கொன்னுட்டு வந்துட்டியா" என்றார். மாடத்திலிருந்த முதல் படத்தை நான் தொடவில்லை. அவரே எடுத்துத் தன் பெட்டியில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு சாகும் வரைக்கும் சின்னவளை எந்தப் பேரும் சொல்லிக் கூப்பிடவில்லை. "ஏத்தா" என்பார், அவ்வளவுதான். போகும்போது அந்தப் படத்தையும் அவர் கைக்குள் வைத்து அனுப்பினேன்.

நான் செய்தது சரி. யார் கேட்டாலும் சொல்வேன். ஆனால் ஒன்று. இப்போது மூத்தவளை நினைத்தால் கூழ் குடித்த பிள்ளை வர மாட்டேன் என்கிறாள். பென்சில் பிள்ளைதான் வருகிறாள், தங்கச்சி பாவாடையோடு. சில மத்தியானங்களில் இந்த அறையிலும் டர்பன்டைன் வாடை அடிக்கிறது. வீட்டில் அது கிடையாது.

ஆத்தா பேத்தி, இங்கன வந்து உட்காரு. உன் அம்மா, அந்தப் பல்லுச் சந்துக்காரி, தோட்டத்திலிருந்து வருவதற்குள் இதை எனக்கு உரக்க வாசித்துக் காட்டு. நான் எழுதினது எந்தப் பிள்ளையைப் பற்றி என்று காதால் கேட்டுப் பார்க்க வேண்டும்.