என்னிடத்தில் மனைவி உண்டு

ராயபுரத்தில் கல்மண்டபத்துக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த ஓர் அச்சகத்துக்கு நான் ருஷ்யக் கதைகளைத் தமிழாக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பகலில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ருஷ்ய மொழியைச் சாயங்கால வகுப்பில் கற்றுக்கொண்டது. அந்த வகுப்பு தொடங்கியபோது பெஞ்சு போதாமல் சுவரோரம் நின்றுகூடப் படித்தார்கள். வேற்றுமை உருபுகள் வந்ததும் கூட்டம் கரைந்துவிட்டது. மிஞ்சிய சிலரில் நானும் ஒருத்தி. புரட்சியின்மேல் எனக்கிருந்த பற்றுகூட அதற்குக் காரணமில்லை. எடுத்ததை முடிக்காமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது, அவ்வளவுதான்.

அச்சகத்தை நடத்தியவரை எல்லோரும் ஆசிரியர் என்றே அழைத்தோம். நான் வருவதற்கு முன்பு அவரே ஆங்கிலத்திலிருந்து கதைகளை மொழிபெயர்த்து, அட்டையில் ‘ருஷ்ய மூலத்திலிருந்து நேரடியாக’ என்று போட்டுக்கொண்டிருந்தார். பொய் என்று சொல்ல முடியாது. ருஷ்ய எழுத்துக்கள் அவருக்குத் தெரியும். துறைமுகத்தில் சோவியத் கப்பல் நின்றால் அதன் பெயரை எழுத்துக் கூட்டி உரக்கப் படித்துவிட்டுத் திருப்தியோடு திரும்பி வருவார்.

ஒருநாள் அவர் என்னிடம், ஆங்கிலத்தில் ‘ஹேவ்’ என்கிறார்களே, அதற்கு ருஷ்ய மொழியில் என்ன என்று கேட்டார். நான் வகுப்பில் படித்தபடியே விளக்கினேன். ‘ஊ மென்யா யேஸ்த் க்னீகா’ என்பார்கள். ‘ஊ’ என்றால் பக்கத்தில். ‘மென்யா’ என்பது ‘நான்’ உருபேற்ற வடிவம். ‘யேஸ்த்’ என்றால் இருக்கிறது. ‘க்னீகா’ புத்தகம். என் பக்கத்தில் புத்தகம் இருக்கிறது, அவ்வளவுதான். அந்த வாக்கியத்தில் புத்தகம்தான் எழுவாய். நான் ஓரமாக நிற்கிறேன். நம் தமிழிலும் ‘ஹேவ்’ மாதிரி ஒரு வினைச்சொல் கிடையாது, நாமும் இருக்கிறது என்றுதான் சொல்கிறோம் என்று நான் முடிப்பதற்குள் அவர் எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டார்.

உடைமை என்ற வினையே இல்லாத மொழி! தனியுடைமையை ஒழித்த மக்களுக்கு வேறெப்படி இருக்கும் என்றார். ஜார் மன்னன் காலத்திலும் இதே இலக்கணம்தான் என்று நான் சொல்லிப் பார்த்தேன்.

“மொழிக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது அம்மா,” என்றார்.

அன்றிலிருந்து அச்சகத்தில் ஒரு விதி வந்தது. மூலத்தில் ‘ஊ மென்யா’ எங்கே வந்தாலும் தமிழில் ‘என்னிடத்தில் உண்டு’ என்றே வரவேண்டும். ‘எனக்கு’ என்று எழுதக்கூடாது. அதில் சுயநலம் தொனிக்கிறதாம். இந்தக் கண்டுபிடிப்பை விளக்கி, வரப்போகும் கதைத் தொகுதிக்கு நீண்ட முன்னுரை ஒன்றும் எழுதி உடனே அச்சேற்றிவிட்டார்.

தொல்லை என்னவென்றால், ருஷ்யர்கள் அந்த ஒரே அமைப்பில் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள். பேனாவும் அப்படித்தான், பெண்டாட்டியும் அப்படித்தான், தலைவலியும் அப்படித்தான். நீலக் கண்களைச் சொல்லும்போது ‘யேஸ்த்’தைக்கூட விட்டுவிடுவார்கள், கண் இருக்கிறதா என்பது அங்கே கேள்வியில்லை, எப்படிப்பட்ட கண் என்பதுதான் செய்தி. எங்கள் விதிப்படி அந்தக் கதாநாயகி ‘அவளிடத்தில் நீலக் கண்கள் உண்டு’ என்று ஆனாள். டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள் போல இருந்தது. அவள் அப்பாவுக்கோ ‘என்னிடத்தில் தலை வலிக்கிறது.’

ஒரு ஞாயிற்றுக்கிழமை திருவொற்றியூர்த் தொழிலாளர் வாசகசாலையில் கதை வாசிப்பு வைத்தார்கள். ஆலைக்காரர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். ஆசிரியரே கணீரென்று வாசித்தார். கதையில் ஓர் ஏழைக் குமாஸ்தா தன் மேலதிகாரியிடம் கெஞ்சும் இடம்: “ஐயா, என்னிடத்தில் மனைவி உண்டு. என்னிடத்தில் மூன்று மகள்கள் உண்டு. என்னிடத்தில் காய்ச்சலும் உண்டு.”

முன்வரிசையில் இருந்த ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டது எல்லோருக்கும் கேட்டது. “அந்தாளாண்ட பொண்டாட்டி கீதுன்னா இன்னா அர்த்தம்? கட்னவளா, இல்ல வச்சிக்கினு கீறானா?”

அதற்குப் பிறகு கதை எடுபடவில்லை. மகள்கள் யார் பெற்றவர்கள் என்று பின்னால் ஒரு விவாதம் கிளம்பிவிட்டது. குமாஸ்தா செத்துப்போகும் இடத்தில் கூடச் சிலர் சிரித்தார்கள். மக்களின் ரசனையை இன்னும் உயர்த்த வேண்டியிருக்கிறது என்று பஸ்ஸில் திரும்பும்போது ஆசிரியர் சொன்னார்.

நான் விளக்கினேன். ருஷ்யர்கள் ஒரே பையில் போடுவதை நாம் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறோம். கையில் இருப்பது, கொடுக்கல் வாங்கல் பண்ணக்கூடியது என்றால் என்னிடம். உறவு, உடம்பு, நோய் என்றால் எனக்கு. எனக்குத் தம்பி இருக்கிறான், என்னிடம் குடை இருக்கிறது. சொல்லுக்குச் சொல் வேண்டுமென்றால், ‘ஊ மென்யா’வுக்கு அச்சாக நம் பேட்டைப் பேச்சிலேயே ஒன்று இருக்கிறது. ‘என்னாண்ட கீது.’ ஆண்ட என்பது அண்டை, பக்கம். என் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் அப்படிப் பேசுகிறவர்கள்கூட ‘எனக்கு ரெண்டு பசங்க’ என்றுதான் சொல்வார்கள்.

அவர் முகம் சுருங்கியது. அந்தக் கொச்சையை ருஷ்ய மொழியோடு சேர்த்துப் பேசவேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

சில வாரம் கழித்து ஒரு சோவியத் சரக்குக் கப்பல் வந்தது. துறைமுகத் தொழிலாளர்கள் கப்பல்காரர்கள் சிலருக்கு ராயபுரத்தில் ஒரு மண்டபத்தில் வரவேற்புக் கொடுத்தார்கள். ஆசிரியர் தலைமை, நான் மொழிபெயர்ப்பு. வந்தவர்களில் கப்பலின் டாக்டரும் இருந்தார். தலை நரைத்த, கனத்த சரீரமுள்ள அம்மாள். ரோஜா மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கலர் சோடாவை ஒரே மூச்சில் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

ஆசிரியர் தன் கண்டுபிடிப்பையே வரவேற்புரையாகப் பேசினார். உங்கள் மொழியில் உடைமை இல்லை, உங்கள் இலக்கணமே பொதுவுடைமை என்றார். நான் ஒவ்வொரு வாக்கியமாக ருஷ்ய மொழியில் சொல்லச் சொல்ல, அந்த அம்மாளின் புருவம் ஏறிக்கொண்டே போனது. பதில் சொல்ல எழுந்தார். அன்புக்கு நன்றி என்றார். பிறகு, உடைமைக்கு எங்களிடம் வினைச்சொல்லும் உண்டு, ‘இமேத்’ என்போம், உரிமை, அர்த்தம் போன்றவற்றோடு அதிகம் வரும் என்றார். பண்ணை நிலத்துக்கு அந்தக் காலத்தில் வழங்கிய ‘இமேனியே’ என்ற பெயரே அதிலிருந்து வந்ததுதானாம்.

பிறகு சொன்னார்: “எங்கள் ஊர்ப் பண்ணையாரும் ‘ஊ மென்யா’ என்றுதான் சொல்வாராம். என்னிடத்தில் முந்நூறு உயிர்கள் உண்டு என்று. பண்ணையடிமைகளை அப்படித்தான் உயிர்க் கணக்கில் எண்ணுவார்கள். அந்த உயிர்களில் ஒன்று என் தாத்தாவின் அப்பா.”

இதை அப்படியே தமிழில் சொல்வதா, பூசி மெழுகுவதா? எதிரே கப்பலில் மூட்டை தூக்கும் ஆட்கள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்படியே சொன்னேன்.

ஆசிரியர் என் பக்கம் குனிந்து, சரியாகத்தான் மொழிபெயர்த்தீர்களா, இன்னொருமுறை கேளுங்கள் என்றார். கேட்டேன். டாக்டரம்மாள் காது கேளாதவர்களுக்குச் சொல்வதுபோல் நிதானமாக, உரக்க, மறுபடி சொன்னார். சொல்லிவிட்டுத் தன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டி, இதுவும் ‘ஊ மென்யா’தான், ஆனால் கேட்டால் கொடுக்கமாட்டேன் என்றார். அதையும் சொன்னேன். கூரை அதிரச் சிரித்தார்கள்.

மறுநாள் ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, இனி உறவுக்கும் நோய்க்கும் ‘எனக்கு’ போட்டுக்கொள்ளலாம் என்றார். தன் கருத்து தவறு என்பதால் அல்லவாம்; தமிழ் வாசகரின் தற்போதைய நிலையை உத்தேசித்து. நான் உட்கார்ந்து புரூப் முழுவதையும் திருத்தினேன். முன்னுரை மட்டும் ஏற்கெனவே அச்சாகிவிட்டது. தாளை வீணாக்க அவருக்கு மனம் வரவில்லை. ஆகவே புத்தகம், ‘எனக்கு’ என்ற சொல் இதில் எங்குமே வராது என்று முழங்கிவிட்டு, முதல் பக்கத்திலிருந்தே எனக்கு, உனக்கு, அவளுக்கு என்று நடந்தது. முன்னுரைக்கு எதிர்ப்பக்கத்தில், ‘இந்நூலின் சகல உரிமைகளும் பதிப்பாளருக்கே’ என்று இருந்தது.

அடுத்த வாசிப்பும் திருவொற்றியூரில்தான். குமாஸ்தா, “எனக்குப் பெண்டாட்டி இருக்கிறாள், மூன்று பெண் குழந்தைகள் இருக்கிறார்கள்,” என்று கெஞ்சினபோது யாரும் பேசவில்லை. அவன் செத்தபோது பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆசிரியருக்கு என்னைவிட. எல்லாம் மூலத்தின் வலிமை என்று பஸ்ஸில் நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார்.