மேனேஜரிடமே காட்டிய மெயில்

ஆம்பூர் ஷூ கம்பெனியில் நான் சூப்பர்வைசர். பசை ஒட்டும் பிரிவில் எக்ஸாஸ்ட் ஃபேன் நின்றுபோய் ஒரு மாதம். பசை வாடையில் அங்கே வேலை செய்யும் பெண்களுக்குத் தினமும் தலைவலி. புரொடக்‌ஷன் மேனேஜரிடம் சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது. "பாத்துக்கலாம்மா" என்பார். கோபப்படக்கூடத் தெம்பில்லை.

அவரைத் தாண்டிப் போனால் நாளை அவர் முகத்தில்தான் விழிக்க வேண்டும். அதனால் ஜி.எம்.முக்கு எழுதிய மெயிலை அனுப்பும் முன் அவரிடமே காட்டினேன்.

"சார், நீங்க மெயின்டனன்ஸுக்குச் சொல்லிட்டீங்க, அவங்கதான் வரலன்னு போட்டிருக்கேன். ஜி.எம். ஒரு வார்த்த சொன்னா வேல நடக்கும். உங்களுக்கும் காப்பி வரும். சரியா இருக்கா சார்?"

அவர் மெயின்டனன்ஸிடம் வாயே திறக்கவில்லை என்பது இருவருக்கும் தெரியும். மெதுவாகப் படித்தார்.

"நான் சொல்லிட்டேன்றதுக்கு முன்னாடி, 'பல தடவ'ன்னு சேத்துக்கோ."

சேர்த்து அனுப்பினேன். மறுநாள் ஃபேன் சுற்றியது. ஜி.எம். வந்து மேனேஜரின் தோளைத் தட்டிவிட்டுப் போனார். மேனேஜர் என் பக்கம் திரும்பினார்.

"இன்னாம்மா, இனிமே எதுன்னாலும் மொதல்ல எங்கிட்ட சொல்லு."

"சரி சார்" என்றேன். ஃபேன்தான் ஓடுகிறதே.