ஒச்சப்பன் குரல் பதிவில் திட்டிய குளம்பு

மட்டாஞ்சேரியிலும் அதைச் சுற்றியும் குதிரை வைத்திருப்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கடற்கரைச் சவாரிக்கு வைத்திருப்பவர்கள் சிலர், கல்யாண ஊர்வலத்துக்கு வைத்திருப்பவர்கள் சிலர், ஆசைப்பட்டு வாங்கிவிட்டு அப்புறம் திருதிருவென்று முழிப்பவர்கள் சிலர். இவர்கள் எல்லோருக்கும் குளம்பு சீவ ஒரே ஆள் ஒச்சப்பன்தான். இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து மாட்டுக்கு லாடம் அடிக்க வந்தவர். வண்டி மாடுகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போனதும், பட்டினி கிடக்க விருப்பமில்லாமல் குதிரைக்கு மாறிக்கொண்டார். முதல் குதிரை அவரை உதைத்தது. இரண்டாவது கடித்தது. மூன்றாவதிலிருந்து அவர் கைக்கு ஒரு பேர் உண்டாகிவிட்டது.

பேர் உண்டானால் சும்மா இருக்க வேண்டும். ஒச்சப்பனுக்கு அது வராது. ‘கொச்சி குதிரைக் கூட்டம்’ என்று நாற்பத்தொரு பேர் கொண்ட வாட்ஸப் குழு ஒன்று இருந்தது. யாராவது குதிரையின் பாதத்தைப் படம் எடுத்துப் போடுவார்கள். இவர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி, நீதிபதி மாதிரி குரல் பதிவில் தீர்ப்புச் சொல்வார். தட்டச்சு செய்ய அவருக்குத் தமிழும் வராது, மலையாளமும் வராது. தீர்ப்பு பெரும்பாலும் சரியாகவே இருந்தது. அந்தக் குதிரைகள் எல்லாவற்றையும் முன்பே தொட்டுத் தடவிப் பார்த்திருந்ததால்தான் அது சரியாக இருந்தது என்பது மட்டும் அவருக்கு உறைக்கவில்லை. தன் கண் அவ்வளவு கூர்மை என்று நினைத்துக்கொண்டார்.

“கால நேர்ல பாக்காம எப்படிய்யா சொல்றீக?” என்று அவர் மனைவி சீனியம்மாள் ஒருநாள் கேட்டாள்.

“நீ ரசத்த மோந்து பாத்தே உப்பு சொல்லுறேல்ல?”

“நான் எந்தக் காலத்துல சொன்னேன்? நக்கிப் பாத்துத்தான் சொல்றேன்” என்றாள் அவள். ஒச்சப்பன் அதைக் காதில் வாங்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை வெங்கிடேஸ்வரன் குழுவில் ஒரு படம் போட்டார். காப்பீட்டு நிறுவனத்தில் முப்பது வருடம் நசுங்கிய கார்களைப் பார்த்து மதிப்புப் போட்டுவிட்டு ஓய்வு பெற்றவர் அவர். இடக்கொச்சியில் தென்னந்தோப்பு ஒன்றில் குழந்தைகளுக்குச் சவாரி கற்றுக்கொடுக்க இடம் போட்டிருந்தார். அதற்குச் சாதுவான குதிரை ஒன்று தேடிக்கொண்டிருந்தார். வேலையில் இருந்த பழக்கம், யாரையும் நம்பமாட்டார். வண்டி யாருடையது என்று சொல்லாமல் மெக்கானிக்கிடம் கேட்டால்தான் உண்மை வரும் என்பது அவர் கொள்கை. அதனால் குதிரை யாருடையது என்று எழுதவில்லை. படத்தில் இருந்ததும் ஒரே ஒரு முன்னங்கால்தான், முட்டிக்குக் கீழே, சேறும் மணலுமாக. ‘வாங்கலாமா?’ என்று மட்டும் கேட்டிருந்தார்.

ஒச்சப்பன் படத்தைப் பெரிதாக்கினார். குளம்பின் நுனி படகு மூக்கு மாதிரி முன்னால் நீண்டு கிடந்தது. குதிகால் நசுங்கிப்போய் இருக்கிற இடமே தெரியவில்லை. அவருக்கு ஆவேசம் வந்துவிட்டது.

“சேட்டன்மாரே, எல்லாரும் கேட்டுக்கங்க. இது குளம்பா, தேஞ்ச செருப்பா? நுனிய இம்புட்டு நீளமா விட்டு, குதிகால மொட்டையா அறுத்து வச்சிருக்கான் ஒரு பாவி. இந்தக் கால வச்சு நடந்தா பின்னால இருக்கிற நரம்பு இழுத்துக்கும், குதிரை நொண்டிப் போகும். வெங்கிடேஸ்வரன் சாரே, காத தூரம் ஓடிருங்க. இது அந்த ஆலுவாக்காரன் வேலைதான், எனக்குத் தெரியும். அவன் கையில அரத்தக் குடுத்தவனச் சொல்லணும்.”

இரண்டு நிமிடம் நாற்பது நொடி. அனுப்பிவிட்டுத் தானே ஒரு தடவை போட்டுக் கேட்டார். நன்றாக வந்திருப்பதாகவே தோன்றியது. ஆலுவாவிலிருந்து எப்போதாவது குளம்பு சீவ வந்துபோகும் அந்த ஆலுவாக்காரரும் குழுவில் இருந்தார், மூன்று கேள்விக்குறி போட்டிருந்தார். அதையும் ரசித்தார்.

மறுநாள் காலை சாயா குடித்துக்கொண்டிருந்தபோது வாசலில் கனைப்புச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், சந்து முழுவதையும் அடைத்துக்கொண்டு ஒரு செம்பழுப்புப் பெண் குதிரை நின்றது. பேர் தாமரை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு இசக்கிசெல்வி நின்றாள். கடற்கரையில் பத்து வருடமாகச் சவாரி விடுகிறவள், திருநெல்வேலிக்காரி. குதிரைக்குப் பின்னால் இரண்டு ஆட்டோக்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“அண்ணாச்சி, நேத்து என்னமோ பேசுனியளாமே. இந்தக் கால அறுத்த பாவி யாருன்னு இப்ப என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க.”

ஒச்சப்பன் காலைப் பார்த்தார். மூன்று வாரத்துக்கு முன்பு அவரே சீவிய கால். ஓரத்தை அரத்தால் லேசாக உருட்டி விட்டிருந்த விதமே அது அவர் கை என்று சொன்னது. குதிகால் இருக்க வேண்டிய உயரத்தில் இருந்தது. நுனி இருக்க வேண்டிய அளவில் இருந்தது. கணைக்காலிலிருந்து குளம்பு வரை கோடு ஒடியாமல் இறங்கியது. குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

“இதுவா அந்தப் படத்துல இருந்தது?”

“இதேதான். வெங்கிடேஸ்வரன் சார் காலையில கூப்பிட்டு, வேண்டாம்னுட்டாரு. நாளைக்கு இவள வெலைக்குக் கேட்டு ஒரு பொள்ளாச்சித் தரகன் வாரான், அண்ணாச்சி. ஊர்வலத்துக்குக் கொண்டுபோவான். வேட்டுச் சத்தம் கேட்டா இவ என்ன ஆவாள்னு உங்களுக்குத் தெரியாதா? இடக்கொச்சியில புல்லு இருக்கு, புள்ளைய இருக்கு, அங்க போட்டும்னு நெனச்சேன். என் முட்டி இனி இவகூட ஓடாது. ஒத்த வார்த்தையில கெடுத்துட்டியளே.”

சொல்லிக்கொண்டே அவள் தாமரையின் கழுத்தைத் தடவினாள். தாமரை பட்டாசுக்குப் பயந்து ஒரு விஷுப் பண்டிகை அன்று மதில் ஏறப் பார்த்ததும், ஒச்சப்பன் போய் அவள் முன்னங்காலுக்குக் கட்டுப் போட்டதும் அவருக்கு மறக்கவில்லை.

“படம் எங்க எடுத்தாரு?”

“கடல் மணல்லதான். நேத்து குனிஞ்ச வாக்குல மேல இருந்து எடுத்தாரு. புது போனு, எல்லாம் அகலமா விழுமாம். நுனிகிட்டக் கொண்டுபோய் வச்சு எடுத்தாரு.”

ஒச்சப்பன் தலையில் கைவைத்துக்கொண்டார். மணலில் நின்றால் குதிகால் உள்ளே புதைந்துவிடும், இல்லாதது போலத்தான் தெரியும். அகலமாகப் பிடிக்கிற கேமராவை நுனிக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தால், பக்கத்தில் இருக்கிற நுனி பூதாகாரமாக வீங்கும், தள்ளி இருக்கிற குதிகால் சுருங்கும். போதாததற்குக் குதிரை அந்தக் காலை முன்னால் நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. இதையெல்லாம் கேட்காமல், படத்தில் காலைப் பார்த்தாரே தவிர, படம் எடுத்த கையைப் பார்க்கவில்லை.

அந்த நேரம் பார்த்து வெங்கிடேஸ்வரனே கூப்பிட்டார். விஷயம் அவருக்கும் எட்டியிருந்தது.

“ஒச்சப்பா, அது நீர் சீவின காலாக்கும்னு இப்பத்தான் கேட்டேன். ஒண்ணு சொல்றேன் கேளும். உமக்கு அப்பறம் வேற யாராவது கை வச்சிருக்கலாமோல்லியோ? அந்த ஆலுவாக்காரன் நடுவில வந்து கெடுத்திருப்பான். அப்படின்னா உம்ம பேருக்கு ஒண்ணும் வராது.”

வழி அழகாகத் திறந்திருந்தது. ‘ஆமா சாரே’ என்று இரண்டே வார்த்தை போதும், பேர் தப்பித்துவிடும். ஒச்சப்பன் வாயைத் திறந்துகூட விட்டார். தாமரை அதற்குள் மூக்கை நீட்டி அவர் சாயா டம்ளரைத் தட்டிவிட்டாள். வாசலில் நின்ற சீனியம்மாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் அப்பறம் கூப்பிடுறேன் சாரே” என்று வைத்துவிட்டார்.

பிறகு எல்லோருமாகச் சந்து முனையில் மூடிக் கிடந்த மிளகு கிடங்கின் முன்னால் போனார்கள். அங்கேதான் சமமான சிமென்ட் தளம் இருந்தது. ஒச்சப்பன் குளம்பைத் தண்ணீர் விட்டுக் கழுவித் துடைத்தார். நான்கு காலிலும் பாரம் சமமாக விழும்படி, முன்னங்கால் செங்குத்தாக நிற்கும்படி தாமரையை நிறுத்த இசக்கிசெல்விக்குக் கால் மணி நேரம் பிடித்தது. தாமரைக்கு மிளகு வாசனை, தும்மித் தும்மி இடம் மாறினாள். ஒச்சப்பன் வேட்டியோடு தரையில் குப்புறப் படுத்தார். கேமரா தரையை ஒட்டி இருக்கும்படி போனைத் தலைகீழாக வைத்து, இரண்டு எட்டுத் தள்ளி, குளம்பின் பக்கவாட்டுக்கு நேராகப் பிடித்து எடுத்தார். அப்புறம் நேர் முன்னாலிருந்து ஒன்று. காலைத் தூக்கிப் பிடித்து, அடிப்பாகத்துக்கு நேராக ஒன்று. அடுத்த காலையும் அதே மாதிரி. சாயாக்கடையில் இருந்தவர்கள் எழுந்து வந்து வேடிக்கை பார்த்தார்கள். “சேட்டா, கல்யாண ஆல்பமா?” என்று ஒருவன் கேட்டான்.

பின்னங்காலைத் தூக்கியபோது ஒச்சப்பன் மூக்கைச் சுளித்தார். அடியில் முக்கோணமாக, ரப்பர் போல மெத்தென்றிருக்கும் பகுதியின் பிளவில் கறுப்பாக ஈரம் கசிந்தது. நாற்றம் குடலைப் பிடுங்கியது.

“இத மட்டும் சொல்லாதீய அண்ணாச்சி” என்றாள் இசக்கிசெல்வி மெதுவாக. “படத்துலதான் தெரியலேல்ல.”

“படத்துல நாத்தம் வராது, தங்கச்சி. அதுக்காக இல்லாமப் போயிருமா?”

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒச்சப்பன் கிடங்குத் திண்டில் உட்கார்ந்து, புதுப் படங்களைக் குழுவில் போட்டுவிட்டு, பட்டனை அழுத்திப் பிடித்தார்.

“ஒச்சப்பன் பேசுறேன். நேத்து நான் திட்டுன குளம்பு நான் அறுத்த குளம்பு. தப்பு குளம்புல இல்ல, மணல்ல நிக்கிற கால மேல இருந்து எடுத்த படத்த வச்சுத் தீர்ப்புச் சொன்ன எம்பேர்ல. ஆலுவாக்கார அண்ணே, மன்னிச்சுக்கங்க, நீங்க அந்தக் குதிரையத் தொட்டதே இல்ல. இப்ப போட்டிருக்கிற படம் நேரா எடுத்தது. இதுலயும் வடிவம்தான் தெரியும். சூடு தெரியாது, வலி தெரியாது, நடக்கையில கால் எப்படி விழுதுன்னு தெரியாது. பின்னங்கால் ஒண்ணுல அழுகல் ஆரம்பிச்சிருக்கு, டாக்டரக் காட்டி மருந்து போட்டு, காஞ்ச இடத்துல கட்டினா சரியாகும். வெங்கிடேஸ்வரன் சாரே, என் பேச்சக் கேட்டு வாங்கவும் வேண்டாம், விடவும் வேண்டாம். வந்து பாருங்க.”

இந்தத் தடவை போட்டுக் கேட்கவில்லை.

குழுவில் சிரிப்புப் பொம்மைகள் மழையாகக் கொட்டின. ஆலுவாக்காரர் கும்பிடும் கை ஒன்று போட்டார். பதினோரு மணிக்கு வெங்கிடேஸ்வரன் குடையோடு வந்து இறங்கினார். தாமரையைச் சிமென்டில் போகவும் வரவும் நடக்கவிட்டுப் பார்த்தார். ஒச்சப்பன் சொன்னபடி இரண்டு முன்னங்குளம்பிலும் உள்ளங்கையை வைத்துச் சூடு ஒத்திருக்கிறதா என்று பார்த்தார். பின்னங்காலைத் தானே குனிந்து மோந்தார், ‘சிவ சிவா’ என்று நிமிர்ந்தார்.

“அழுகலை நீர் சொல்லலைன்னா நான் கண்டுபிடிச்சிருக்கவே மாட்டேன்” என்றார் ஒச்சப்பனிடம். பிறகு இசக்கிசெல்வி பக்கம் திரும்பினார். “டாக்டர் பாத்துச் சரின்னுட்டா, புதன்கிழமை வண்டி கொண்டுவரேன், கேட்டியா?”

கால்நடை மருத்துவர் வந்து பார்த்து, அழுகலுக்கு மருந்து கொடுத்து, சரியென்றார். பொள்ளாச்சித் தரகனை இசக்கிசெல்வி திருப்பி அனுப்பிவிட்டாள். புதன்கிழமை தாமரை வண்டியில் ஏறமாட்டேன் என்று அரை மணி நேரம் அடம்பிடித்தாள். கடைசியில் இசக்கிசெல்வியே முன்னால் ஏறி நின்ற பிறகுதான் ஏறினாள். இசக்கிசெல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டே இறங்கினாள்.

“அண்ணாச்சி, ஆறு வாரத்துக்கு ஒருக்கா சீவப் போவியள்லா?”

“போவேன், தங்கச்சி. போறப்பல்லாம் கால் படம் எடுத்து உனக்கு அனுப்பிர்றேன்.”

“படம் வேண்டாம்” என்றாள் அவள். “தொட்டுப் பாத்துட்டு, எப்படி இருக்காள்னு போன்ல சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவேன்.”

ஒச்சப்பன் போனை மடியில் செருகிக்கொண்டார். சரி என்று தலையை ஆட்டினார்.